கோழிப்பண்ணைச் சுகாதார வீடியோ எடுப்பது எப்படி: வாசல் கோட்டிலிருந்து வெள்ளைத் துணி வரை

பல்லடம், உடுமலை பக்கம் கறிக்கோழி ஒப்பந்தப் பண்ணைகளில் சூப்பர்வைசராக இருந்தபோது விவசாயிகளுக்காக நான் எடுத்த முதல் வீடியோ 14 நிமிடம் ஓடும். கிருமி என்றால் என்ன, நோய் எப்படிப் பரவும், என்னென்ன மருந்து இருக்கிறது என்று எல்லாவற்றையும் அதில் சொல்லியிருந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் நல்லா இருக்குங்க என்றார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களில் ஒருவருடைய பண்ணைக்குப் போனேன். 5,000 கோழி ஷெட். வீடியோவில் பார்த்ததுபோலவே வாசலில் மருந்துத் தொட்டி கட்டியிருந்தார். ரோட்டில் போட்டு வந்த அதே செருப்போடு தொட்டிக்குள் ஒரு கால் வைத்தார், மறுகால் வைத்தார், நேராகக் குஞ்சுகளுக்கு நடுவில் போய் நின்றார். செருப்பின் அடியில் சாணமும் செம்மண்ணும் அப்பியபடியே இருந்தன.

அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. தொட்டியை மிதிப்பதைத்தான் நான் காட்டியிருந்தேன். செருப்பை மாற்றுவதை ஒரு வரியில் வாயால் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். வீடியோவைப் பார்க்கிறவர் கேட்டதைச் செய்வதில்லை, கண்ணால் கண்டதைத்தான் செய்கிறார். அதனால் சின்னப் பண்ணைக்காரர்களுக்கு இப்படி ஒரு வீடியோ எடுக்க நினைத்தால், பேசப்போவதை எழுதும் முன் கேமரா எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். கைபேசி ஒன்றே போதும். எடுக்கவேண்டியவை மூன்று துண்டுகள்: உள்ளே நுழைவது, ஷெட்டைக் கழுவுவது, எச்சரிக்கை. ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள் இருக்கட்டும், தனித்தனிக் கோப்பாக இருக்கட்டும். குஞ்சு இறங்கும் நாளில் நுழையும் துண்டையும், கோழி ஏற்றி முடித்த மறுநாள் கழுவும் துண்டையும் அனுப்பினால் வேலை கையில் இருக்கும்போது பார்ப்பார்கள்.

படம் எடுக்கப் போகும் முன்

கோழி இல்லாத ஷெட்டில் எடுங்கள். ஒரு பேட்ச் கோழி போய் அடுத்த குஞ்சு வருவதற்கு இடையில் பத்துப் பதினைந்து நாள் ஷெட் காலியாக இருக்கும். கழுவும் வேலையும் அப்போதுதான் நடக்கும், நுழையும் காட்சியையும் அப்போதே நடித்துக் காட்டிவிடலாம். கோழியோடு ஒரு காட்சி வேண்டும் என்றால் அந்தப் பண்ணைக்காரரே தன் கைபேசியில் எடுத்து அனுப்பட்டும். அவர் தினமும் உள்ளே போகிறவர், புதிதாக எதையும் கொண்டு வரப்போவதில்லை.

ஒரே நாளில் இரண்டு பண்ணைகளில் எடுக்காதீர்கள். ஊர் ஊராகப் போகிற சூப்பர்வைசர், தடுப்பூசி போடுகிறவர், கோழி பிடிக்கும் ஆட்கள், தீவன லாரி ஓட்டுநர் என்று யாருக்கு என்ன ஆபத்து உண்டோ அதே ஆபத்து கேமராவோடு போகிறவருக்கும் உண்டு. கைபேசியை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிட்டால் பையின் வழியாகவே படம் எடுக்கலாம், தொடுதிரையும் வேலை செய்யும். வெளியே வரும்போது பையைக் கழற்றி அங்கேயே போட்டுவிடுங்கள். முக்காலியின் கால்களைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள்.

இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. பண்ணைக்காரர்கள் கூர்மையாகப் பார்ப்பார்கள். ஓரத்தில் உங்கள் நிழலோ, வெளிச்செருப்பு போட்ட உங்கள் காலோ ஒரு நொடி தெரிந்தாலும், "அவரே செருப்போடதான நிக்கறாரு" என்பார்கள். அதற்கு மேல் நீங்கள் சொல்வது எதுவும் எடுபடாது.

நுழையும் துண்டு: ஒரே ஒரு சிவப்புக் கோடு

மூன்றில் இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஷெட்டுக்குள் வரும் நோய்களில் பல காலோடும் கையோடும் வண்டிச் சக்கரத்தோடும் வருபவை. வெள்ளைக் கழிச்சல் கிருமி நோயுற்ற கோழியின் எச்சத்தில் இருக்கிறது. கம்போரோ கிருமி காலி ஷெட்டில்கூட மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். செருப்படியில் ஒட்டிய எச்சம் ஒரு சிட்டிகை இருந்தாலே போதும்.

ஷெட் வாசலின் உள்பக்கம், கதவிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நான்கு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோட்டின் மேல் முழங்கால் உயரத்தில் ஒரு பலகையோ, ஹாலோ பிளாக் அடுக்கிய திண்டோ இருக்கட்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் வெளி, அந்தப் பக்கம் ஷெட். வெளிச்செருப்பு எந்தக் காரணத்துக்காகவும் அந்தப் பக்கம் போகாது, உள்செருப்பு எந்தக் காரணத்துக்காகவும் இந்தப் பக்கம் வராது. டென்மார்க்கில் இருந்து வந்த முறை என்பதால் வெளிநாடுகளில் இதை டேனிஷ் நுழைவு என்கிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு பெயர் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நிலைப்படி தாண்டுவது நமக்குக் குழந்தையிலிருந்தே பழக்கம். ஷெட்டுக்கும் ஒரு நிலைப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும்.

இதைப் படமாக்கும் வரிசை எனக்கு இப்படி அமைந்தது. கேமராவைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வையுங்கள். முகம் தேவையில்லை, கால்கள்தான் இங்கே கதாநாயகன்.

முதல் காட்சியில் தூசி படிந்த செருப்போடு இரண்டு கால்கள் வந்து கோட்டுக்கு முன்னால் நிற்கின்றன. சிவப்புக் கோடு திரையின் நடுவில் தெரிய வேண்டும். இரண்டாவதில் அவர் திண்டில் உட்காருகிறார். உட்கார்ந்த பிறகே செருப்பைக் கழற்றுகிறார், செருப்பு வெளிப்பக்கமே விழுகிறது. மூன்றாவது காட்சிதான் உயிர்நாடி: வெறுங்கால்கள் தரையைத் தொடாமல் கோட்டுக்கு மேலாகத் திரும்பி அந்தப் பக்கம் போகின்றன. இதை வெட்டாமல் ஒரே ஓட்டமாக, ஆறேழு நொடி காட்டுங்கள். வேகம் குறைத்துக் காட்டினாலும் நல்லது. நான்காவதில் அந்தப் பக்கம் தயாராக இருக்கும் உள்செருப்பில் கால் நுழைகிறது. ஐந்தாவதில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறார், விரல் இடுக்கும் நகக்கண்ணும் அருகில் தெரிய வேண்டும். ஆறாவதில் உள்ளே கொடியில் தொங்கும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு நடக்கிறார்.

உள்செருப்பை வெளிச்செருப்பிலிருந்து பார்த்தவுடன் பிரித்தறியும் நிறத்தில் வாங்கச் சொல்லுங்கள். நாங்கள் மஞ்சள் எடுத்தோம். வாசலுக்கு வெளியே மஞ்சள் செருப்பு கிடந்தால் விதி மீறியாயிற்று என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆளுக்கு ஒரு ஜோடியோடு நிறுத்தாமல் வருகிறவர்களுக்கு என்று இரண்டு ஜோடி கூடுதலாக வேண்டும். கால்நடை மருத்துவர் வந்து நிற்கும்போது அவருக்குச் செருப்பு இல்லை என்றால் அன்றைக்கே கோடு செத்துவிடும். இரண்டு ஷெட் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி ஜோடி. சின்னக் குஞ்சு இருக்கும் ஷெட்டுக்கு முதலில், வயதான கோழிக்கு அப்புறம், நோய் தெரியும் ஷெட்டுக்குக் கடைசியில் போக வேண்டும். இந்த வரிசையைத் துண்டின் முடிவில் ஒரே படமாகக் காட்டினால் போதும்.

வீடியோவில் ஒரு சோதனையும் சேருங்கள். பார்த்தவர்கள் மறக்காமல் என்னிடம் திரும்பச் சொன்னது இது ஒன்றைத்தான். நீலக் கோலப்பொடியை ஒரு பழைய செருப்பின் அடியில் நன்றாகத் தேய்த்து, காலி ஷெட்டின் சிமெண்ட் தரையில் ஒருவரை நடக்கவிடுங்கள். வாசலிலிருந்து தீவனத் தட்டு வரை நீலத் தடம் விழும். அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்துவிட்டு அதே கையால் தட்டைத் தொடட்டும். தட்டின் விளிம்பில் நீல விரல் பதிந்திருப்பதை அருகில் போய் எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கெங்கே போகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அதே மனிதர் கோட்டில் செருப்பு மாற்றி, கை கழுவி நடப்பதை அடுத்து காட்டுங்கள். தரையில் ஒரு தடமும் இருக்காது.

மருந்துத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம்

தொட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. செருப்பு மாற்றுவதற்குப் பதிலாகத் தொட்டி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். வெளியில் சுற்றும் இடத்துக்கும் ஷெட் வாசலுக்கும் இடையில் அது ஒரு கூடுதல் காவல். அந்தக் காவலும் சாணம் படாத அடிப்பாகத்தில்தான் வேலை செய்யும். முதலில் ஒரு வாளித் தண்ணீரும் தேய்க்கும் பிரஷும், அதற்கு அடுத்துத்தான் மருந்துத் தொட்டி.

பல பண்ணைகளில் தொட்டியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து வைத்திருப்பார்கள். ஊதா நிறம் தெரிந்தால் மருந்து இருக்கிறது என்று நம்பிக்கை. இதை இரண்டு கண்ணாடி டம்ளரில் காட்டிவிடலாம். இரண்டிலும் ஒரே அளவு ஊதாக் கரைசல் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் கோழி எச்சம் போட்டுக் கலக்குங்கள். கேமராவை அசைக்காமல் விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த டம்ளர் ஊதாவிலிருந்து மங்கிப் பழுப்பாகும். எச்சத்தோடு சண்டை போட்டே மருந்து தீர்ந்துபோயிற்று, கிருமிக்கு மிச்சம் இல்லை. வீடியோவில் அந்தக் காத்திருப்பை வேகமாக ஓட்டிக் காட்டுங்கள், ஓரத்தில் கடிகாரம் ஒன்று தெரியட்டும். பெர்மாங்கனேட் முதலிலேயே பலம் குறைந்த மருந்து. பழுப்பாகிவிட்டால் வெறும் தண்ணீர்தான்.

பிளீச்சிங் பவுடர் பயன்படுத்துகிறவருக்கு அளவைக் கேமரா முன்னால் அளந்து காட்டுங்கள்: புதிதாகப் பிரித்த பவுடர் என்றால் லிட்டருக்கு 30 கிராம், 10 லிட்டர் தொட்டிக்கு 300 கிராம். ஏறக்குறைய ஒரு சதவீதக் குளோரின் கிடைக்கும். வாய் திறந்து கிடந்த மூட்டையில் அந்தப் பலம் இருக்காது. வெயிலும் குளோரினைத் தின்றுவிடும், மழை கரைசலை நீர்க்கவைத்துவிடும். ஆகவே தொட்டிக்கு மேல் ஒரு தகரக் கூரை, தினமும் காலையில் புதுக்கரைசல், கலங்கினால் நடுவிலும் ஒருமுறை. கையுறை போட்டுக்கொண்டு திறந்தவெளியில் கலக்குவதையே படம் எடுங்கள். பினாயில், ஆசிட், ஃபார்மலின் என்று எதையும் அதோடு சேர்க்கக் கூடாது. ஆசிட் பட்டால் விஷவாயு கிளம்பும்.

கழுவும் துண்டு

கழுவுவதைப் பொறுத்தவரை எல்லோருக்கும் மருந்தின் பெயர் தெரியும், வரிசைதான் தெரியாது. சாணம் இருக்கும் தரையில் மருந்தை அடித்தால் இரண்டாவது டம்ளரில் நடந்ததுதான் ஷெட் முழுக்க நடக்கும். அந்த டம்ளர் காட்சியை இந்தத் துண்டின் தொடக்கத்தில் இரண்டு நொடி மறுபடி காட்டுங்கள், அங்கிருந்து வரிசைக்குப் போங்கள்.

முதலில் வண்டு. எருவைச் சூடாக இருக்கும்போதே, கோழி போன அன்றோ மறுநாளோ அள்ள வேண்டும். குளிர்ந்துவிட்டால் அதிலிருக்கும் கருவண்டுகள் சுவர் ஏறி, கூரையிலும் விரிசலிலும் ஒளிந்துகொள்ளும். அடுத்த பேட்ச் வந்ததும் இறங்கும், வரும்போது பழைய நோயையும் கொண்டு வரும். ஒரு கை நார்த்தூளை வெள்ளைத் தட்டில் கொட்டி வண்டு ஓடுவதைக் காட்டுங்கள். எருவை டிராக்டரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டிக் கொண்டுபோக வேண்டும். வழியெல்லாம் சிந்திக்கொண்டு போனால் பக்கத்துப் பண்ணைக்கும் சேர்த்துச் சிந்துகிறோம்.

பிறகு உலர்சுத்தம். தண்ணீர் இன்னும் வரவில்லை. தீவனத் தட்டு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைத்துவிட்டு ஒட்டடை, வலைக் கம்பி, மின்விசிறி இறக்கை, விட்டம் என்று மேலிருந்து கீழே தட்டி, கடைசியாகத் தரையைக் கூட்டி அள்ள வேண்டும். இதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. படத்தில் மேலிருந்து கீழ் என்பதை ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.

அடுத்து நனைத்து ஊறவைப்பது. சோப்புத் தூள் கரைத்த தண்ணீரைத் தரையிலும் சுவரிலும் தெளித்து அரைமணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டு உடனே பவர் ஸ்பிரேயரால் அடிப்பவர்கள் இரண்டு மடங்கு தண்ணீர் செலவழித்தும் எச்சத்தின் அடிப்பொருக்கு போகாமல் நிற்பார்கள். ஊறவைத்த தரையையும் ஊறவைக்காத தரையையும் ஒரே சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் அடித்துக் காட்டினால் வேறுபாடு தெரியும். கழுவுவதும் கூரை, சுவர், தரை என்று இறங்கி, உள் மூலையிலிருந்து வாசலை நோக்கி வர வேண்டும்.

கழுவி முடித்ததை எப்படி அறிவது? இங்கேதான் வெள்ளைத் துணி. ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டை ஈரமாக்கி, தீவனத் தட்டின் அடிவிளிம்பில் விரலால் அழுத்தி ஒரு சுற்று இழுக்கவைத்தேன். வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்த தட்டு. துணியில் தவிட்டு நிறத்தில் பட்டையாக ஒரு கோடு வந்தது. துணியைக் கேமரா முன் விரித்துப் பிடித்துவிட்டு அவரே "இன்னும் ஒருதடவை கழுவோணுங்க" என்றார். நான் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை அது. அப்படியே வைத்துவிட்டேன். துடைக்க வேண்டிய இடங்கள் தட்டின் அடி, விசிறி இறக்கையின் பின்புறம், வலைக்கம்பியின் முடிச்சு, வாசல் கதவின் கைப்பிடி. நான்கிலும் துணி வெள்ளையாகவே வந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

அடுத்த வேலை மருந்து இல்லை, காயவிடுவது. தரையில் தண்ணீர் தேங்கியிருந்தால் அடிக்கிற மருந்தின் பலம் அங்கேயே பாதியாகும். படுதாவைத் தூக்கிவிட்டு ஒரு நாள் வெயிலும் காற்றும் படட்டும். காயும்போது தண்ணீர் தொட்டியையும் குழாயையும் பார்த்துக்கொள்ளலாம். குழாயின் உள்ளே வழவழப்பாக ஒரு படலம் பிடித்திருக்கும். பழைய குழாய்த் துண்டு ஒன்றை நீளவாக்கில் அறுத்து உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினால் ஏன் நிப்பிளில் வருவது சுத்தமான தண்ணீர் இல்லை என்று புரியும். குழாய்க்கு என்று விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு மருந்தை லேபிளில் உள்ளபடி நிரப்பி, அதில் சொல்லியிருக்கும் நேரம் ஊறவைத்து, கடைசி நிப்பிள் வரை தெளிந்த தண்ணீர் வரும்வரை திறந்துவிட வேண்டும்.

காய்ந்த பிறகு மருந்து. இங்கே எல்லோரும் தவறுவது அளவில். ஒரு கணக்கைத் திரையில் போட்டுக் காட்டுங்கள். 20 அடி அகலம், 275 அடி நீளம் என்றால் தரை மட்டும் 5,500 சதுர அடி, சதுர மீட்டரில் சுமார் 510. ஒரு சதுர மீட்டர் நன்றாக நனைய 300 மில்லி கரைசல் வேண்டும் என்று வைத்தால் தரைக்கு மட்டும் 150 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 16 லிட்டர் முதுகுத் தெளிப்பானில் கிட்டத்தட்ட பத்து டாங்க். சுவருக்கும் கூரைக்கும் தனி. நாங்கள் படம் எடுத்த பண்ணையில் வழக்கமாக எத்தனை அடிப்பீர்கள் என்று கேட்டதற்கு மூன்று டாங்க் என்றார்கள். வாங்கும் மருந்து நல்லதுதான், ஈரம் படியாத இடத்தில் அது என்ன செய்யும்? ஒவ்வொரு டாங்க் முடிந்ததும் தூணில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவதைப் படமாக்கினோம். கடைசிக் காட்சியில் பத்துக் கோடு. படிக்கத் தெரியாதவருக்கும் அது கணக்குப் புத்தகம்.

எந்த மருந்தாக இருந்தாலும் லேபிளில் சொன்ன நேரம் வரை, பொதுவாகப் பத்து நிமிடமாவது, தரை ஈரமாக இருக்க வேண்டும். கடும் வெயிலில் அடித்தால் இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும், மாலையில் அடியுங்கள். முகக்கவசம், கண்ணாடி, கையுறை இல்லாமல் அடிக்கும் ஒரு நொடியைக்கூட வீடியோவில் சேர்க்காதீர்கள். ஃபார்மலின் புகையை நான் சேர்க்கவே இல்லை. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், நம் பக்கம் வலையும் படுதாவுமாகத் திறந்த ஷெட்டில் வாயு நிற்கவும் நிற்காது.

ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லிவிட வேண்டும். இரத்தக் கழிச்சல் கிருமியின் முட்டைகளை வழக்கமான மருந்துகள் கொல்லாது. அதற்கு நன்றாகக் கழுவி அகற்றுவதும், தரை விரிசல்களை சிமெண்ட் வைத்து அடைப்பதும், ஃப்ளேம் கன்னால் தரையை மெதுவாகச் சுட்டுக்கொண்டு போவதும்தான் வழி. சுடும் காட்சியில் படுதா மேலே சுருட்டிக் கட்டியிருக்க வேண்டும், நார்த்தூள் ஒரு பிடிகூடத் தரையில் இருக்கக் கூடாது, வாளித் தண்ணீர் பக்கத்தில் தெரிய வேண்டும்.

எச்சரிக்கையைக் கண்ணில் படும்படி செய்வது

தப்பான செயலைக் காட்டித்தான் எச்சரிக்க முடியும், ஆனால் அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. பாதியில் வந்து பார்ப்பவர் தப்பானதையே சரி என்று எடுத்துக்கொள்வார். ஆகவே தப்பான காட்சி மூன்று நொடிக்கு மேல் வேண்டாம். அந்த மூன்று நொடியும் திரையைச் சுற்றிச் சிவப்புச் சட்டம், நடுவில் பெரிய பெருக்கல் குறி, கூடவே ஒரே மாதிரியான ஒரு சத்தம். உடனே அதே இடம், அதே கோணம், பச்சைச் சட்டம், சரி என்கிற டிக் குறி, சரியான செயல் ஏழெட்டு நொடி. ஒவ்வொரு துண்டும் சரியான காட்சியிலேயே முடிய வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால்தான் நிறத்தோடு குறியும் சத்தமும்.

இன்னொன்று. வீடியோவில் வரும் குறியே பண்ணையிலும் இருக்க வேண்டும். செருப்புப் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி என்று முடிவு செய்தால் அதையே தகரத்தில் எழுதி ஷெட் கதவில் மாட்டச் சொல்லுங்கள். கைபேசியை மூடிய பிறகும் அந்தப் பலகை வேலை செய்துகொண்டிருக்கும்.

மூன்றாவது துண்டில் நிறைய எச்சரிக்கைகளை அடுக்காதீர்கள். நான் மூன்றோடு நிறுத்தினேன். ஒன்று, கோழி பிடிக்க வரும் ஆட்களும் அவர்களின் கூண்டும். பாதிக் கோழியைப் பிடித்துப் பாதியை விட்டுவைக்கும் நாளில்தான் மற்ற பண்ணைகளின் அழுக்கு நேராக உள்ளே வருகிறது. அவர்களுக்கும் மஞ்சள் செருப்பு கொடுங்கள். கழுவாத கூண்டைத் திருப்பி அனுப்புங்கள். இரண்டு, செத்த கோழி. வாய்க்காலிலோ வேலியோரத்திலோ வீசினால் நாயும் காக்கையும் அதை அடுத்த பண்ணைக்குக் கொண்டுபோகும். கிணற்றுக்குத் தூரமாக ஆழக்குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு, நாய் தோண்ட முடியாதபடி மூட வேண்டும். மூன்று, ஒரே நாளில் வழக்கத்துக்கு மேல் சாவது, கழுத்து திருகிக்கொள்வது, பச்சையாகக் கழிவது, கொண்டை நீலமாகி முகம் வீங்குவது. இதில் எது தெரிந்தாலும் கோழியை அறுத்துப் பார்க்கக் கூடாது, விற்கக் கூடாது, வண்டி வரக் கூடாது. வாசலைப் பூட்டிவிட்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 1962 என்ற இலவச எண்ணைத் திரை முழுக்கப் பெரிதாகப் பத்து நொடி நிறுத்துங்கள்.

குரலும் மொழியும்

ஷெட்டுக்குள் விசிறிச் சத்தத்தில் பேசிப் பதிவு செய்யாதீர்கள். படத்தை எடுத்துவிட்டு, வீட்டில் கதவைச் சாத்தி, போர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தனியாகச் சேருங்கள். உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள், ஒரு காட்சிக்கு ஒரு வாக்கியம். பல பண்ணைகளில் குடும்பத்தோடு தங்கி வேலை பார்ப்பவர்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள்தான் தினமும் கோட்டைத் தாண்டுகிறவர்கள். சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். படத்தை மட்டும் வைத்துப் புரிய வேண்டும். புரியாத இடத்தில் வாக்கியம் சேர்க்காமல் காட்சியை மாற்றி எடுங்கள். பிறகு அங்கே வேலை செய்கிற ஒருவரையே அவர்கள் மொழியில் குரல் கொடுக்கச் சொல்லலாம்.

அனுப்பும் முன்

நல்லா இருக்கா என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். மூன்று பேருக்கு ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள், கைபேசியை வாங்கிவிடுங்கள், "இப்ப உள்ள போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொல்லித் தள்ளி நில்லுங்கள். கால்களைப் பாருங்கள்.

நுழையும் துண்டை நான் இப்படிச் சோதித்தபோது மூன்று பேரும் திண்டில் உட்கார்ந்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், காலைத் திருப்பினார்கள், மஞ்சள் செருப்பில் நுழைத்தார்கள். நிம்மதியாக இருந்தது. அப்புறம் வெளியே வந்தார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் மஞ்சள் செருப்போடே கோட்டைத் தாண்டி வெளிவாசல் வரை வந்து, அங்கே கழற்றி மாட்டினார்கள். உள்ளே போவதை 80 நொடி காட்டியிருந்த நான் வெளியே வருவதைக் காட்டவே இல்லை. மறுநாள் அதே ஷெட்டில், அதே உயரத்தில் கேமராவை வைத்து, கால்கள் உள்ளிருந்து திரும்பி வந்து உட்காருவதை எடுத்தோம். மஞ்சள் செருப்பு கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க, வெறுங்கால் மட்டும் இந்தப் பக்கம் வருகிற பத்து நொடி அது.